தனியாக இருக்கும் முதியோருக்காக ஒரு தெரு என்ன செய்யலாம்? முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி மாதிரி ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு விஷயம் கண்ணில் படும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் மட்டும், அல்லது கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ டல்லஸிலோ. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் சுமார் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். நம்மை விடக் கூடுதல் விழுக்காடு கேரளத்தில்தான்.

அரசுத் திட்டங்களையோ முதியோர் இல்லங்களையோ பற்றிய கட்டுரை அல்ல இது. முப்பது, நாற்பது வீடுகள் உள்ள ஒரு தெருவில் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் முதியவர்களின் தனிமையைக் குறைக்க என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு. பெரிய செலவு இல்லை. ஆனால் வரிசை முக்கியம். பெரும்பாலானோர் நேராகக் கடைசிப் படிக்குத் தாவுகிறார்கள்: ஒரு ஹாலைப் பிடித்து, சால்வை போட்டு, 'முதியோர் தினம்' நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று வருபவர்கள் ஏற்கெனவே நாலு பேரோடு பழகுகிறவர்கள். வரவேண்டியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

உடம்பில் என்ன நடக்கிறது

தனிமை மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல். மனித உறவுகள் வலுவாக இருந்தவர்கள், ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2016-ல் பிரிட்டனில் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, தனிமையும் ஒதுங்கிய வாழ்க்கையும் உள்ளவர்களுக்கு இதயநோய் அபாயம் 29 விழுக்காடும் பக்கவாத அபாயம் 32 விழுக்காடும் கூடுவதாகச் சொன்னது. மறதிநோய் பற்றிய லான்செட் குழுவின் 2024 அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. சமூகத்திலிருந்து ஒதுங்கியிருப்பதும் காது கேளாமையும் இரண்டுமே அதில் இருக்கின்றன. இந்த இரண்டும் கைகோத்து வருபவை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. நோயாளி ஆனவரும் தனிமைப்பட்டுப் போகிறார், தனிமைப்பட்டவரும் நோயாளி ஆகிறார். எது முதலில் என்று இந்த எண்களால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் தெருவில் இது எப்படித் தெரியும்? ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்க மனசு வராது. காலையில் காபி, மதியம் மோர்சாதம் ஊறுகாய், ராத்திரி இரண்டு பிஸ்கட். பருப்பும் முட்டையும் குறைந்தால் தசை கரையும், கால் தடுமாறும், குளியலறையில் விழுவார்கள். சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று கேட்க ஆள் இல்லாததால் ஒருநாள் இரண்டு தரம் போட்டுக்கொள்வார்கள், மறுநாள் விட்டுவிடுவார்கள். தூக்கம் துண்டு துண்டாகும். எப்போதும் ஏதோ நடந்துவிடுமோ என்ற எச்சரிக்கையிலேயே உடம்பு இருப்பதால் ரத்த அழுத்தமும் இறங்காது.

முதல் படி: யார் என்று கண்டுபிடிப்பது

வீடு வீடாகப் போய், 'இங்கே தனியா இருக்கிற பெரியவங்க யாராவது உண்டா' என்று கேட்காதீர்கள். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் ஏற்கெனவே தகவல் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். பால் போடுகிறவருக்குத் தெரியும், எந்த வீட்டில் பாக்கெட் ஒன்பது மணி வரை எடுக்காமல் கிடக்கிறது என்று. மெடிக்கல் ஷாப்காரருக்குத் தெரியும், மாதாமாதம் மாத்திரை வாங்கியவர் இரண்டு மாதமாக வரவில்லை என்று. பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், ரேஷன் கடை எடையாளர், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்கும் பெண் தன்னார்வலர், எல்லோருக்கும் ஒரு பட்டியல் மனசில் இருக்கும். அந்தத் தன்னார்வலர் நோயாளியின் மருத்துவ விவரத்தைச் சொல்லக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. 'எந்த வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்தால் நல்லது' என்று மட்டும் கேட்டால் போதும்.

தனியாக வசிக்கிறவர் எல்லோரும் தனிமையில் வாடுகிறவர் இல்லை. மூன்று சீட்டு, இரண்டு கோயில், ஒரு வாக்கிங் கோஷ்டி என்று ஓடிக்கொண்டிருக்கும் விதவைப் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதேபோல மகன், மருமகள், பேரன் எல்லோரும் உள்ள வீட்டில், நாள் முழுக்கப் பின்கட்டு அறையில் ஒரு பேச்சு இல்லாமல் கிடப்பவர்களும் உண்டு. பட்டியலில் இவர்களும் வரவேண்டும். நாற்பது வீட்டுத் தெருவில் ஆறேழு பேர் தேறுவார்கள். அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவான நீண்ட கேள்விப்பட்டியலின் சுருக்கம் அது. மூன்றே கேள்விகள். பேச்சுவாக்கில் இப்படிக் கேட்கலாம்:

'பேச்சுத்துணைக்கு ஆள் இல்லையேன்னு தோணுமா?'
'எதுலயும் நம்மளச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்கன்னு தோணுமா?'
'எல்லாரையும் விட்டு ஒதுங்கிப்போயிட்ட மாதிரி இருக்கா?'

அனேகமாக இல்லை என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. குறைந்தது 3, அதிகபட்சம் 9. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமையில் இருப்பவர் என்று பல ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். நோயைக் கண்டறியும் சோதனை இல்லை இது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது ஒருபோதும் கேட்காதீர்கள். 'எனக்கென்னப்பா குறை, ராஜா மாதிரி பாத்துக்கறாங்க' என்று வரும். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட்டுப் பயனில்லை.

மூன்றாம் படி: உதவி கேட்டுக்கொண்டு போவது

'உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கோம்' என்றால் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். உதவி கேட்டுக்கொண்டு போனால் திறப்பார்கள்.

ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 76 வயது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷம். பென்ஷன் வருகிறது, பணக்கஷ்டம் இல்லை. முன்பு தினமும் காலையில் முக்கு டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். இப்போது வருவதில்லை. 'பெரிய ஆளாயிட்டாரு, கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்கறாரு' என்பது கடைப் பேச்சு.

அவரிடம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் போய், 'சார், எங்க வீட்டுல எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகுது. எலக்ட்ரீஷியன் வயரிங் முழுக்க மாத்தணும்னு சொல்றார். நீங்க ஒரு தரம் பார்த்துச் சொல்றீங்களா?' என்று கேட்கிறார். ஸ்டூலில் ஏறிக் கைவைக்க வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும். வருகிறார். ஹீட்டர் போடும்போதுதான் டிரிப் ஆகிறதா என்று கேட்கிறார். பதில் சொன்னால் 'என்ன?' என்கிறார். மறுபடி சொன்னால் தலையாட்டுகிறார், ஆனால் சம்பந்தமில்லாத பதில் சொல்கிறார். விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. அவர் டீக்கடையைத் தவிர்த்தது கர்வத்தால் இல்லை. நாலு பேர் ஒரே சமயத்தில் பேசும் இடத்தில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவமானம். அதனால் வீட்டோடு நின்றுவிட்டார்.

நான்காம் படி: தடையை எடுப்பது

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. கூட்டம் கூட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் 'இவர் ஏன் வெளியே வருவதை நிறுத்தினார்' என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில் எழுதுங்கள். பெரும்பாலும் அது உடம்பு சம்பந்தமாக இருக்கும், வெளியே சொல்லக் கூச்சப்படுவதாக இருக்கும். சிறுநீர் அடக்க முடியவில்லை, போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது. முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கண்புரை, பொழுது சாய்ந்தால் படிக்கட்டு தெரியாது. பல் செட் தளர்ந்து பேசும்போது நழுவுகிறது. காது.

காதுக்கு வழி இது. முதலில் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. சில சமயம் வெறும் காதழுக்குதான், எடுத்த அன்றே பாதி கேட்கும். இல்லையென்றால் கேட்புத்திறன் சோதனை, அப்புறம் கருவி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் இல்லாத முதியவர்களுக்கும் ராஷ்ட்ரிய வயோஶ்ரீ திட்டத்தில் கருவி, ஊன்றுகோல், கண்ணாடி முதலியவை இலவசம். அதற்கு மாவட்டத்தில் முகாம் போடுவார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கருவி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வாங்கிய கருவிகளில் நிறைய பீரோவுக்குள் போய்விடுகின்றன. ஏன் என்றால், வருஷக்கணக்கில் அமைதிக்குப் பழகிய மூளைக்கு மிக்ஸி சத்தமும் பஸ் ஹாரனும் திடீரென்று அடித்தாற்போல் கேட்கும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு பேசும்போது மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் போடச் சொல்லுங்கள். அப்புறம் நேரத்தைக் கூட்டலாம். டீக்கடை கடைசியில். கருவி விசிலடித்தால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். கொடுத்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தரம் சத்த அளவைத் திருத்தவும் போகவேண்டியிருக்கும். கூட ஒரு ஆள் போனால்தான் போவார்.

ஐந்தாம் படி: தினம் ஒரு போன்

அமெரிக்காவின் டெக்சாஸில் கொரோனா காலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. மொத்தம் 240 பேர், பெரும்பாலோர் முதியவர்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக இருப்பவர்கள். பாதிப் பேருக்கு 17 முதல் 23 வயதுள்ள இளைஞர்கள் போன் செய்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாதவர்கள், கொஞ்சம் பயிற்சி மட்டும். முதல் ஐந்து நாள் தினமும், பிறகு அவரவர் விருப்பப்படி வாரம் இரண்டு முதல் ஐந்து தரம். அழைப்பு பத்து நிமிஷத்துக்குள். எதைப் பேசுவது என்பதைப் பெரியவரே முடிவு செய்வார், இளைஞர் கேள்வி கேட்டுக் கேட்பார். நாலே வாரத்தில் அந்த மூன்று கேள்வி மதிப்பெண் போன் வராதவர்களோடு ஒப்பிட்டால் ஒரு புள்ளிக்கு மேல் இறங்கியது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்தன.

இதை அப்படியே தெருவில் செய்யலாம். ஒரு தன்னார்வலருக்கு மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். நேரம் ஒன்றே ஒன்று, உதாரணமாகக் காலை எட்டு மணி. 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று மட்டும் கேட்டால் அது ஆஜர் எடுப்பது. 'நேத்து சொன்னீங்களே, அந்தப் புயல் வந்தப்ப கம்பம் எத்தனை சாஞ்சுது?' என்று கேட்டால் அது பேச்சு. முந்தின நாள் சொன்னதில் ஒன்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும்.

இந்த அழைப்பால் இன்னொரு பயனும் உண்டு. எடுக்கவில்லை என்றால் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி. அப்போதும் எடுக்கவில்லை என்றால் மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: சாவி யாரிடம், பிள்ளையின் எண், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தால் 108 ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கும் உதவும்.

இங்கே ஒரு கறாரான விதி. தன்னார்வலர் யாரும் ஏ.டி.எம். கார்டு, ஓ.டி.பி., பென்ஷன் புத்தகம், நகை, வீட்டுப் பத்திரம் எதையும் தொடக்கூடாது, பெரியவரே கெஞ்சிக் கேட்டாலும். வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போகவேண்டும், முதல் வாரத்திலேயே பிள்ளைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்கு, அன்போ அதட்டலோ யாராவது பேசினால் போதும் என்று காத்திருக்கும் பெரியவர்கள்தான் சுலபமான இலக்கு. நாமும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே போகிறோம் என்பதால் நம் பக்கம் சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது.

ஆறாம் படி: வாரம் ஒரு நாள் உட்காருவது

போனில் பழகிய ஆறேழு பேரும் ஒன்றாக உட்கார ஒரு இடம், ஒரு நேரம். மாலை நாலரை முதல் ஆறு வரை நல்லது. வெயில் தாழ்ந்திருக்கும், இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம், சீரியலும் தொடங்கியிருக்காது.

இடம் தேர்வில்தான் பல குழுக்கள் உடைகின்றன. ஒருவர் வீட்டில் வைத்தால் அந்த வீட்டுக்குப் போகாதவர்கள் வரமாட்டார்கள். சாதி, பழைய சண்டை, கடன், ஏதோ ஒன்று. கோயில் மண்டபம் என்றால் வேறு மதத்தவர் விலகிவிடுவார்கள். நூலகம், பள்ளிக்கூட வராந்தா, குடியிருப்போர் சங்கக் கட்டடம் மாதிரி பொது இடம் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, நடந்துபோகும் தூரத்தில் உட்காரும் கழிப்பறை, படி இருந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பி. சுண்டல் இருக்கட்டும், சர்க்கரை இல்லாத டீ தனியாக இருக்கட்டும். விசிறி நாற்காலிக்கு நேர் மேலே வேண்டாம். காதுக்கருவி போட்டவருக்கு அந்த இரைச்சலே பேச்சை மூழ்கடித்துவிடும்.

இந்த உட்காருதலுக்கு விசேஷம் எதுவும் வைக்காதீர்கள். கணவனை இழந்த பெண்கள் பலர் சுமங்கலிகள் கூடும் இடங்களில் இன்றைக்கும் ஒதுங்கியே நிற்கிறார்கள். நலங்கு, சீமந்தம், வரலட்சுமி நோன்பு என்று எதற்கும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போவதில்லை. காரணமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குத்தான் அவர்கள் தயக்கமில்லாமல் வருவார்கள்.

பேச்சாளர், பிரசங்கம் வேண்டாம். எல்லோருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நம் மின்வாரிய சாருக்கு தெருவாசிகளின் கரண்ட் பில் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் வேலை. ஒரு பாட்டி சுண்டல் பதம் பார்ப்பார். ஒருவர் நாற்காலி எண்ணிக்கை. ஒரு வாரம் அவர் வராவிட்டால் 'இன்னிக்கு சார் எங்கே?' என்று நாலு பேர் கேட்கிற மாதிரியான வேலையாக அது இருக்கவேண்டும்.

எங்கே கெட்டுப்போகும்

ஜான் கசியோப்போ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-ல் தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று தெரியவந்தது. ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டாக்கிக் கொடுப்பதால் கிடைத்த பலன் குறைவு. 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்ற எண்ணத்தோட்டத்தை மாற்ற முயன்றவையே கூடுதல் பலன் தந்தன. ரொம்ப நாள் தனியாக இருந்தவர் மற்றவரின் சின்ன அசைவையும் புறக்கணிப்பாகவே படிப்பார். நீங்கள் ஒருநாள் போன் செய்யாவிட்டால் 'வேலையாக இருக்கும்' என்று அவருக்குத் தோன்றாது, 'சலிச்சுப்போச்சு போல' என்றுதான் தோன்றும். அதனால் வர முடியாத நாளை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தினமும் பேசுவதாகச் சொல்லிவிட்டு நடுவில் விடுவதைவிட, வாரம் இரண்டு நாள் என்று சொல்லி விடாமல் செய்வது மேல். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வராவிட்டால் அதுவும் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் வாரமும் அதே நேரத்தில் கூப்பிடுங்கள்.

தனிமை இல்லை, வேறு என்று தெரிவது எப்படி

மூன்று சூழ்நிலைகளில் தெரு முயற்சி போதாது. ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆசை இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, புடவையும் சட்டையும் தொளதொளக்கின்றன, விடியுமுன்பே விழித்துக்கொள்கிறார். இது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாகவோ பி12 குறைவாகவோகூட இருக்கலாம். டாக்டர் பார்க்கவேண்டும். இரண்டு, நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆளை அடையாளம் தெரியாமல் உளறுகிறார். இது மறதிநோயின் வேகம் இல்லை. சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்து இறங்கியதோ, மாத்திரைக் குழப்பமோ இருக்கும். அன்றே மருத்துவமனை.

மூன்றாவது கொஞ்சம் சிக்கல். 'போய்ச் சேர்ந்தா தேவலை' என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை. ஆனால் அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டால், சேர்த்துவைக்கத் தொடங்கினால், நகையையோ பிரியமான பொருளையோ திடீரென்று எடுத்துக் கொடுத்தால், நேராகவே கேளுங்கள்: 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டிலேயே அடி, பட்டினி, சொத்து எழுதி வாங்குவது போன்ற கொடுமை இருந்தால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.

மூன்று மாதம் கழித்து

அந்த மூன்று கேள்விகளையும் மறுபடி, முதலில் கேட்ட அதே ஆள் கேட்கவேண்டும். நம் மின்வாரிய சார் 8-லிருந்து 5-க்கு வந்திருந்தால் நல்ல மாற்றம். 7-ல் நின்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்: கருவி பீரோவில் இருக்கிறதா, வேறு ஏதாவது தடை உண்டா? சிலருக்கு இறங்கவே இறங்காது. இறந்துபோன மனைவியின் இடத்தை வாரக் கூட்டம் நிரப்பாது. அவருக்கு போனும் சாவி ஏற்பாடும் மட்டும் தொடர்ந்தால்கூடப் போதும். கூட்டத்துக்கு இழுக்கவேண்டாம்.

தன்னார்வலர்கள் கல்லூரி முடித்துப் போவார்கள், கல்யாணமாகி ஊர் மாறுவார்கள். போகிறவர் சொல்லாமல் நின்றுவிடக்கூடாது. ஒரு மாதம் முன்பே பெரியவரிடம் சொல்லவேண்டும், புதியவரை இரண்டு தரமாவது கூடவே அழைத்துப் போகவேண்டும், அந்தக் குறிப்பு நோட்டைப் பெரியவருக்குத் தெரிந்தே கைமாற்றவேண்டும்.